ஆரம் தராத ஒரு வினா: கணித ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் போதிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், விடைத்தாள் திருத்துவோருக்குக் குறிப்பு வகுத்துத் தரும் பெரியோர்களுக்கும்:

வடிவொத்த இரண்டு உருவங்களின் ஒத்த பக்கங்கள் எந்த விகிதத்தில் அமைந்திருக்கின்றனவோ, அந்த விகிதத்தின் வர்க்கமே அவற்றின் பரப்புகளின் விகிதம், அதன் கனமே அவற்றின் கன அளவுகளின் விகிதம் என்னும் உண்மையை நீங்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறீர்கள். எழுதியபின் அதற்கு நீங்கள் அளிக்கும் ஸ்தானம் யாது என்பதைப் பற்றியே இம்மடல். முக்கோணங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு தேற்றமாக அது ஒருநாள் வருகிறது; நிரூபணம் எழுதப்படுகிறது; இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. சில வாரங்கள் கழித்து உருளை, கூம்பு, கோளம் என்று கன உருவங்களின் பாடம் தொடங்கியதும், சூத்திரங்களின் நீண்ட பட்டியல் ஒன்று மாணவரின் நோட்டில் இடம்பிடிக்க, முன்பு கற்ற அந்த உண்மை, அது மிகவும் வேண்டப்படுகிற இடத்திலேயே மறக்கப்பட்டுவிடுகிறது. மாணவர் மறந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மறவாமல் நினைவில் வைத்திருந்து, தக்க சமயத்தில் அதைப் பிரயோகித்த மாணவருக்கு நாம் மதிப்பெண்ணைக் குறைத்துக் கொடுக்கிறோமே, அது எப்படிப் பொறுக்கத் தக்கது?

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. என் தம்பி மகள் பத்தாம் வகுப்பில் எழுதிய அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள் என் மேஜைமேல் இருக்கிறது. பள்ளியின் பெயர் இங்கே அவசியமில்லை. திருத்தியவர்மீது எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை, அவர் தமக்குத் தரப்பட்ட குறிப்பின்படியே நடந்திருக்கிறார். வினா இது: ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உள்ள, வாய் மூடிய கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்று முனை கீழாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அதனுள் 18 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் உள்ளது. தண்ணீரின் கன அளவுக்கும் அதன்மேலுள்ள காலியிடத்தின் கன அளவுக்கும் உள்ள விகிதம் என்ன? ஐந்து மதிப்பெண்.

அந்தப் பெண் மூன்று வரிகளில் விடை எழுதியிருக்கிறாள். ஆழத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 18 : 24, அதாவது 3 : 4. ஆகையால் தண்ணீருக்கும் முழுப் பாத்திரத்துக்கும் உள்ள விகிதம் 27 : 64. ஆகையால் தண்ணீருக்கும் காலியிடத்துக்கும் உள்ள விகிதம் 27 : 37. விடை முற்றிலும் சரி. ஓரத்தில் சிவப்பு மையினால், "படிகள் இல்லை" என்று எழுதப்பட்டு, ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் இடப்பட்டிருக்கிறது.

குறிப்பில் கண்ட படிகள் எவை என்று நீங்கள் அறிவீர்கள். ஆயினும் அவற்றை ஒருமுறை உடன் நடந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் முழுக் கூம்பின் கன அளவு: மூன்றில் ஒரு பங்கு, 22/7, ஏழின் வர்க்கம், 24 ஆகிய நான்கையும் பெருக்க 1232 கன செ.மீ. அடுத்துத் தண்ணீர் மட்டத்தின் ஆரம் வேண்டும். அதற்கு வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு 7-ஐ 18-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க 5.25 செ.மீ. வருகிறது. அதன் வர்க்கம் 27.5625; அதைக் கொண்டு தண்ணீரின் கன அளவு 519.75. கழித்தால் காலியிடம் 712.25. இறுதியாக 519.75-க்கும் 712.25-க்கும் பொதுக் காரணி கண்டுபிடித்துச் சுருக்கவேண்டும், 19.25 என்பதே அப்பொதுக் காரணி என்பதைப் பரீட்சை மண்டபத்தில் கண்டுகொள்ளும் குழந்தை எத்தனை பேரில் ஒன்று இருக்கும்? பெரும்பாலோர் விகிதத்தைத் தசமமாக வகுத்து, 0.73 என்று எழுதி, அந்தப் பதினைந்து நிமிடப் பிரயாசையை ஒரு தோராயத்தில் முடித்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்த 22/7 கடைசியில் வெளியேறிவிடுகிறது. ஆரமாகிய 7-ம் அவ்வாறே மறைகிறது. விடையில் எந்தப் பங்கும் இல்லாத இரண்டு எண்களைச் சுமந்துகொண்டு போய் வழியிலேயே இறக்கிவைத்துவிட்டு வருவதற்குத்தான் நாம் முழு மதிப்பெண் தருகிறோம்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய சமாதானமும் எனக்குத் தெரியாததன்று. விடை மாத்திரம் போதாது, அந்த விடைக்கு வந்த வழி தெரியவேண்டும்; வழி தெரியாவிடில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியதா, தானே எண்ணி எழுதியதா என்பதை எப்படி அறிவது என்பீர்கள். இது நியாயமான வாதம். அந்தப் பெண்ணின் விடையிலும் ஒரு குறை உண்டு என்பதை நான் மறைக்கப்போவதில்லை: தண்ணீரின் உருவமும் பாத்திரத்தின் உருவமும் வடிவொத்தவை என்பதை அவள் எடுத்த எடுப்பிலேயே கொண்டுவிட்டாள், ஏன் என்று எழுதவில்லை. முனை இரண்டுக்கும் பொது, அச்சு பொது, தண்ணீர் மட்டம் பாத்திரத்தின் வாய்க்கு இணையாக இருப்பதால் உச்சிக்கோணமும் ஒன்றே. ஆகவே உயரம், ஆரம், சாயுயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இக்கணக்கின் கணிதம் முழுவதும் இருக்கிறது. மற்றவை எல்லாம் பெருக்கல். அந்த வாக்கியம் இல்லாமைக்காக மதிப்பெண் குறைத்திருந்தால் நான் தலைவணங்கி ஏற்றிருப்பேன். ஆனால் குறிப்பில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது; சூத்திரம் எழுதியதற்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, பெருக்கியதற்கு ஒன்று என்று பங்கிடப்பட்டிருக்கிறது. கேட்கவேண்டிய காரணத்தைக் கேளாமல், கேட்கவேண்டாத பெருக்கலைக் கேட்கிறோம் என்பதே என் முறையீடு.

நீங்கள் அறிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். காரணம் எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டவே சொல்கிறேன். ஒரு முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சமபாகங்களாக்கி, பக்கங்களுக்கு இணையாகக் கோடுகள் இழுத்தால், உச்சி வரிசையில் ஒன்று, அடுத்த வரிசையில் மூன்று, அடி வரிசையில் ஐந்து என ஒன்பது சிறு முக்கோணங்கள் கிடைக்கின்றன. அவை ஒவ்வொன்றும் பெரியதனோடு வடிவொத்தது, ஒன்றோடொன்று சர்வசமமானது. பக்கம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காவதைக் குழந்தை எண்ணியே அறிந்துகொள்கிறது. விகிதம் முழு எண்ணாக இல்லாமல் 3 : 4 என்றிருந்தால், இரண்டு முக்கோணங்களையும் ஒரே அளவுள்ள சிறு முக்கோணங்களால் நிரப்ப, ஒன்றில் 9, மற்றொன்றில் 16 என்று வருகிறது. இவ்வாறே ஒரு கனசதுரத்தின் விளிம்பை மூன்றாகப் பிரித்தால் ஓர் அடுக்கில் ஒன்பது, மூன்று அடுக்கில் இருபத்தேழு. நேர்கோட்டு உருவங்களை முக்கோணங்களாகப் பிரித்துவிடலாம் என்பதால் அவற்றைப் பற்றிச் சந்தேகமில்லை. வளைந்த உருவங்களுக்கு மாத்திரம் சற்றே நிதானம் தேவை: ஓர் இலையின் உருவத்தை வரைபடத்தாளில் வரைந்து, அதனுள் அடங்கும் சதுரங்களை எண்ணி, பின்பு அத்தாளையே இரட்டித்துப் பெரிதாக்கினால், உருவத்தினுள் இருக்கும் சதுரங்களின் எண்ணிக்கை மாறுவதில்லை, ஒவ்வொரு சதுரமும் நான்கு மடங்காகிறது; ஓரத்தில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும் சதுரங்களின் தொல்லை, கட்டங்களைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் குறைந்துகொண்டே போகிறது. யூக்ளிட் தமது நூலின் பன்னிரண்டாம் பகுதியில் வட்டங்களுக்கு விட்டங்களின் வர்க்கத்தையும், வடிவொத்த கூம்புகளுக்கும் உருளைகளுக்கும் அடிவிட்டங்களின் கனத்தையும் நிலைநாட்டியது இத்தகைய யுக்தியைக் கொண்டுதான். அங்கே 22/7 எங்கும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணின் மதிப்பு தெரியாமலே விகிதம் தெரிந்துவிடுகிறது.

நீளத்திலிருந்து பரப்புக்குச் செல்லும் இந்த இடத்தில் மனித புத்தி இயல்பாகவே வழுக்குகிறது என்பதற்குப் பழைய சாட்சியம் ஒன்று உண்டு. பிளேட்டோ எழுதிய 'மேனோ' என்னும் உரையாடலில், சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, பக்கம் இரண்டு அடியுள்ள சதுரம் ஒன்றைத் தரையில் காட்டி, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பக்கத்தை இருமடங்காக்கி நான்கு அடி என்கிறான் சிறுவன். பரப்பு எட்டு ஆவதற்குப் பதிலாகப் பதினாறு ஆகிவிடுகிறது. அப்படியானால் மூன்று அடி என்கிறான், ஒன்பது ஆகிறது. தனக்குத் தெரியவில்லை என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகே, மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்துக்கு அவன் அழைத்துச் செல்லப்படுகிறான். அந்தச் சிறுவனுக்கு முதலில் ஒரு சூத்திரம் கொடுக்கப்பட்டிருந்தால் அவன் எட்டின் வர்க்கமூலத்தைக் கண்டுபிடித்திருப்பான், ஆனால் தன் முதல் விடை ஏன் தவறு என்பதை ஒருபோதும் அறிந்திருக்கமாட்டான். நம் வகுப்புகளில் அந்த இரண்டு தவறான விடைகளுக்கும் இடமே இல்லாமற் போய்விட்டது.

ஆகவே உங்கள் வகுப்பில் ஒருநாள் செய்து பார்ப்பதற்கு ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். இதற்குத் தடித்த வரைதாள், வரைபடத்தாள், கவராயம், கத்தரிக்கோல், அடிக்கோல், பசை, ஒரு படி கேழ்வரகு இவற்றைத் தவிர வேறொன்றும் வேண்டாம். 16 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டமும், 8 செ.மீ. ஆரத்தில் மற்றோர் அரைவட்டமும் வரையச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் அதே அரைவட்டங்களை வரைபடத்தாளிலும் வரைந்து அவற்றின் பரப்பைக் கட்டங்களால் எண்ணச் செய்யுங்கள். பெரியது ஏறத்தாழ 402 சதுர செ.மீ., சிறியது ஏறத்தாழ 100½ என்று வரும். பின்பு விட்டத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று சேரும்படி சுருட்டி ஒட்டினால் இரண்டு கூம்புகள் கிடைக்கும். ஒட்டுவதற்கு வேண்டிய குறுகிய பட்டையை அரைவட்டத்துக்கு வெளியே விட்டு வெட்டவேண்டும். அரைவட்டத்தின்மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் கூம்பின் கோணம் குறுகிப்போகும், இரண்டிலும் ஒரே கோண அளவுக்கு ஏற்றாவிட்டால் அவை வடிவொத்தவையாக இரா. இப்பொழுது, சிறிய கூம்பைக் கேழ்வரகால் நிரப்பிப் பெரியதில் கொட்டினால் எத்தனை தடவையில் நிரம்பும் என்று வகுப்பைக் கேளுங்கள். பலர் இரண்டு என்பார்கள். கட்டங்களை எண்ணிய நினைவு உள்ளவர்கள் நான்கு என்பார்கள். எட்டுத் தடவை கொட்டவேண்டியிருக்கும். ஒரே தாளில், ஒரே பொருளில், நீளம் ஒன்றுக்கு இரண்டு, வளைபரப்பு ஒன்றுக்கு நான்கு, கொள்ளளவு ஒன்றுக்கு எட்டு என்று மூன்று விகிதங்களும் குழந்தையின் கைக்கு எட்டிவிடுகின்றன.

இப்பரிசோதனை சில வேளைகளில் பொய்க்கும்; பொய்ப்பதும் பாடத்துக்கு உதவியே. சிறிய கூம்பில் தானியம் குவியலாக நின்றால் எட்டுக்கு முன்பே பெரியது நிரம்பிவிடும். ஆதலால் ஒவ்வொரு தடவையும் அடிக்கோலின் விளிம்பால் தலைதட்டவேண்டும். தலைதட்டியும் ஒரு மாணவனுக்கு ஏழாவது தடவையிலேயே நிரம்பினால், அவனுடைய சிறிய அரைவட்டத்தின் ஆரத்தை அளந்து பாருங்கள். கவராயம் நழுவி 8.4 செ.மீ. ஆகியிருக்கும். நான்கு மில்லிமீட்டர் என்பது நூற்றுக்கு ஐந்து; அது மூன்று திசைகளிலும் ஏறுவதால் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினாறு வரை வந்துவிடுகிறது, எட்டு என்பது ஏழுக்கும் சற்றுக் குறைவாகிறது. நீளத்தில் நேரும் சிறுபிழை கன அளவில் ஏறத்தாழ மும்மடங்காகிறது என்னும் இவ்விஷயத்தை எந்தச் சூத்திரப் பட்டியலும் அவனுக்குச் சொல்லாது; ஏழாவது கோப்பை சொல்லிவிடும்.

இனி, இந்த உண்மையை மனனம் செய்தவர்களும் விழும் பள்ளம் ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கேதான் உங்கள் கவனத்தை நான் அதிகமாக வேண்டுகிறேன். கூம்பின் உயரத்தைப் பாதியில் அடிக்கு இணையாக வெட்டினால் மேற்பாகமும் கீழ்ப்பாகமும் என்ன விகிதம் என்று கேட்டால், 1 : 8 என்ற விடை வகுப்பில் எழும். 1 : 8 என்பது மேலே கிடைத்த சிறு கூம்புக்கும் வெட்டப்படாத முழுக் கூம்புக்கும் உள்ள விகிதம், மேற்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் உள்ளது 1 : 7. கீழ்ப்பாகமாகிய இடைக்கண்டம் எந்தக் கூம்போடும் வடிவொத்ததன்று. அதற்கு முனையே இல்லை. ஆகவே கன விதி அதன்மேல் நேரே செல்லாது, முழுமையிலிருந்து கழித்தே அதை அடையவேண்டும். உயரத்தை மூன்று சமபாகமாக்கி வெட்டினால் துண்டுகள் 1 : 7 : 19 என்று வருவதும் இதனால்தான்; 1, 8, 27 என்ற முழுக் கூம்புகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்த மிச்சங்களே அவை. என் தம்பி மகள் 27 : 64 என்று நிறுத்தாமல் 27 : 37 என்று எழுதியபோது இந்த நுட்பத்தைத் தாண்டித்தான் சென்றிருக்கிறாள். சூத்திரத்தில் பிரதியிட்டுப் பெருக்கிய மாணவனுக்கு இந்த நுட்பம் எதிர்ப்படவே இல்லை.

அதே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலும் ஒரு வினாவைக் கேட்கிறேன். வாய் மூடியது என்றோமல்லவா? அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி, வாய் கீழும் முனை மேலுமாக வைத்தால், தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கும்? சூத்திர வழியில் செல்வோர் இங்கே திகைத்து நிற்பர். தண்ணீர் இப்போது இடைக்கண்ட வடிவில் இருக்கிறது. அதன் ஆழமும் மேல்மட்டத்தின் ஆரமும் இரண்டும் தெரியாதவை. இடைக்கண்டத்தின் சூத்திரத்தில் அவற்றை இட்டால் விரியும் மூன்றாம்படிச் சமன்பாட்டைத் தீர்க்கப் பத்தாம் வகுப்பில் வழியில்லை. விகிதத்தை அறிந்த மாணவரோ தண்ணீரைப் பாராமல் காலியிடத்தைப் பார்ப்பார். காலியிடம் இப்போது மேலே முனையோடு கூடிய கூம்பாக நிற்கிறது. அது முழுப் பாத்திரத்தோடு வடிவொத்தது. அதன் கன அளவு முழுமையில் 37/64 என்பது முன்பே தெரியும். ஆகவே அதன் உயரம், 24-ஐ 37-இன் கனமூலத்தால் பெருக்கி 4-ஆல் வகுத்தது. 37-இன் கனமூலம் ஏறக்குறைய 3.332, பெருக்கினால் 19.99. முழு உயரத்திலிருந்து கழிக்க, தண்ணீரின் ஆழம் 4 செ.மீ.க்கு ஓர் இழை மேல். ஒரே தண்ணீர், முனை கீழாக இருக்கையில் 18 செ.மீ., முனை மேலாக இருக்கையில் 4 செ.மீ. இதில் ஆரம் எங்கே வந்தது? 22/7 எங்கே வந்தது?

நீளத்திலிருந்து கன அளவுக்குச் செல்வதைப்போலவே, கன அளவிலிருந்து நீளத்துக்குத் திரும்பும் வழியையும் மாணவர் பழகவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். பரப்புகள் 4 : 9 என்று கொடுத்துக் கன அளவுகளைக் கேட்டால், சிலர் 4, 9 ஆகியவற்றையே கனப்படுத்தி 64 : 729 என்று எழுதுகிறார்கள், சிலர் வர்க்கப்படுத்தி 16 : 81 என்கிறார்கள். இரு சாராரும் செய்த பிழை ஒன்றே: பரப்பிலிருந்து கன அளவுக்கு நேரே பாய முயன்றார்கள். பரப்பிலிருந்து வர்க்கமூலத்தின் வழியே நீளத்துக்கு இறங்கி, 2 : 3 என்பதைத் தாளில் எழுதிவிட்டு, அங்கிருந்து 8 : 27 என்று ஏறவேண்டும். எந்தக் கணக்கிலும் நீள விகிதத்தை முதல் வரியாக எழுதும் வழக்கத்தை உண்டாக்கிவிட்டால் இப்பிழை பெரும்பாலும் மறைந்துபோகும் என்பது வகுப்பறையில் எனக்கு உண்டான அனுபவம்.

இவ்வளவு சொன்னபின், எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். விகித வழியைக் கற்ற உற்சாகத்தில், வடிவொத்தவை அல்லாத உருவங்களின்மேலும் மாணவர்கள் அதைப் பிரயோகிப்பார்கள். உயரம் மாறாமல் ஆரம் மாத்திரம் இருமடங்கான உருளைக்குக் கொள்ளளவு நான்கு மடங்கு, எட்டு அன்று. இதை எளிதில் திருத்திவிடலாம். மறைந்து நிற்கும் வேறொரு வகை உண்டு. ஒரே தடிப்புள்ள பித்தளைத் தகட்டில் வடிவொத்த இரண்டு பாத்திரங்கள் செய்யப்பட்டு, ஒன்றின் எல்லா அளவும் மற்றதன் இருமடங்காக இருந்தால், பெரியது எட்டு மடங்கு தண்ணீர் கொள்ளும். ஆனால் அதன் எடை எட்டு மடங்கு அன்று, ஏறத்தாழ நான்கு மடங்கே. ஏனெனில் தகட்டின் தடிப்பு இரட்டிக்கவில்லை, பரப்பு மாத்திரமே பெருகியது. கண்ணுக்கு முழுக்க வடிவொத்ததாகத் தோன்றும் பொருளிலும் ஏதேனும் ஓர் அளவு மாறாமல் நின்றுவிட்டதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை மாணவர் கேட்கவேண்டுமானால், 'இவை ஏன் வடிவொத்தவை?' என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுதும்படி நாம் அவர்களை வற்புறுத்தவேண்டும். வற்புறுத்துவதற்கு ஒரே வழி அதற்கு மதிப்பெண் வைப்பது.

ஆகவே விடைக்குறிப்பு வகுக்கும் பெரியோர்களிடம் முதலில் விண்ணப்பித்துக்கொள்கிறேன். வடிவொத்த கன உருவங்களைப் பற்றிய ஒவ்வொரு வினாவுக்கும் விகித வழியை மாற்றுவழியாகக் குறிப்பிலேயே அச்சிடுங்கள். ஐந்து மதிப்பெண்ணில், உருவங்கள் ஏன் வடிவொத்தவை என்னும் காரணத்துக்கு இரண்டு, நீள விகிதத்துக்கு ஒன்று, கனப்படுத்தி முடிவுக்கு வந்ததற்கு இரண்டு என்று பங்கிடுங்கள். திருத்துகிறவர் தம் விருப்பப்படி கொடுக்கலாம் என்று வாய்மொழியாக விட்டுவிடுவது போதாது. ஒரே நாளில் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர், அச்சில் இல்லாத ஒன்றுக்கு மதிப்பெண் தரத் துணியமாட்டார், அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களாகிய உங்களிடம் நான் கேட்பது, கூம்பின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் நாளுக்கு முந்திய நாளைக் கேழ்வரகுக்குக் கொடுங்கள் என்பதும், வருகிற பருவத் தேர்வில் ஆரம் தராத ஒரு வினாவையேனும் வையுங்கள் என்பதுமே. வினாவும் நானே தருகிறேன்: "24 செ.மீ. உயரமுள்ள கூம்பு வடிவப் பாத்திரம் முனை கீழாக நிற்கிறது. அது சரியாகப் பாதி நிரம்பவேண்டுமானால் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும்? (1/2-இன் கனமூலம் ஏறத்தாழ 0.794.)" 12 செ.மீ. என்று எழுதும் மாணவர் எட்டில் ஒரு பங்கு தண்ணீரையே பாதி என்று நம்பியவர்; அவரைத் தனியே அழைத்து இரண்டு காகிதக் கூம்புகளையும் கையில் கொடுங்கள். ஆரம் தரப்படவில்லை, ஆகையால் வினா தவறு என்று எழுதும் மாணவர் சூத்திரத்தை மாத்திரம் கற்றவர். அவருடைய தாளின் ஓரத்தில் சிவப்பு மையினால் எதையும் எழுதாமல், ஆரத்தை 7 என்றும், பிறகு 10 என்றும் தாமே வைத்துக்கொண்டு இரண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 19 செ.மீ.யே வரும். 19 செ.மீ.க்குச் சற்று மேல் என்று நான்கு வரியில் எழுதி, முதல் வரியில் காரணத்தையும் சொன்ன மாணவருக்கு, தயவுசெய்து, முழு மதிப்பெண்ணையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாகக் கரும்பலகைமுன் நின்று ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியன்